புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நிகழ்ச்சி முடிந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து, காரில் ஏறப் போகும்போது தொலைபேசி அழைத்தது. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பேசினார்கள். "ஏம்மா, போன வாரம் நீங்கதானே வானொலியில சொன்னீங்க, எங்க பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு 25 லட்சம் வெள்ளி ஒதுக்கியிருக்காங்கன்னு? இங்க பொருளாளர் ஐயா எழுதி ஒட்டினதுல இருபதரைதானே இருக்கு. மீதி நாலரை லட்சம் எங்கம்மா?"

"விசாரிச்சுச் சொல்றேன்ண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைய விளக்கக் கூட்டத்தில் திரையில் காட்டியதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். தேடிப் பார்த்தேன். கறுப்பு எழுத்தில் தெளிவாகவே இருந்தது: RM2.05 juta.

இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து. நான் அதை இரண்டு புள்ளி ஐந்து என்று படித்திருக்கிறேன். அதோடு நிற்காமல், கேட்பவர்களுக்குப் புரியட்டும் என்று "இரண்டரை மில்லியன், அதாவது 25 லட்சம் வெள்ளி" என்று அழகாக விளக்கமும் கொடுத்திருக்கிறேன். இரண்டரை மில்லியன் 25 லட்சம் என்பது சரிதான். ஆனால் திரையில் இருந்தது இரண்டரை மில்லியன் இல்லையே. அது 20 லட்சத்து 50 ஆயிரம். ஒரு பூஜ்யத்தை விழுங்கியதால் நாலரை லட்சம் வெள்ளியை நான் காற்றில் உருவாக்கிவிட்டேன். அந்த இல்லாத பணத்துக்கு ஒரு மனிதர் ஒரு வாரமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். குரல் ஏற்ற இறக்கம், நேர்காணல், ஒலிப்பதிவுத் தொகுப்பு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஜூத்தாவை லட்சமாக்க யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்கு வந்த பிறகு தினமும் செய்வது அதைத்தான்.

கெடாவில் என் நேயர்கள் இரண்டு வகை. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்துப் பெரியவர்களுக்கு லட்சமும் கோடியும் தமிழ்ப் பத்திரிகை வழியாகவும் சினிமா வழியாகவும் பழகிய சொற்கள். மில்லியன் என்றால் "அது எவ்வளவும்மா?" என்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நேர் எதிர்ப்பக்கம். பள்ளியில் ரிபு, ஜூத்தா என்று எண்ணிப் பழகியவர்கள். "அக்கா, ஒரு லட்சம்னா செராத்துஸ் ரிபுவா, செபுலோ ரிபுவா?" என்று ஒரு பையன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். நூறு ஆயிரம்தான், தம்பி. ஆனால் அவனுடைய சந்தேகம் அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை. பழைய மலாயில் லக்சா என்ற எண்ணுக்குப் பத்தாயிரம் என்றுதான் பொருள். நம் லட்சத்துக்கும் அதற்கும் ஒரே சமஸ்கிருத வேர், மதிப்பு மட்டும் பத்தில் ஒரு பங்கு. (நம் ஊர்க் கடைகளில் கிண்ணத்தில் வரும் கெடா லக்சாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

அந்தத் தோட்டத்துக்கு அதே வாரம் போனேன். பொருளாளர் ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளே போய் நீளமான கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"நீங்க எழுதிக்கிட்டு வந்ததைக் காட்டுங்க" என்றார்.

என் குறிப்பேட்டில் 2.5 ஜூத்தா என்று இருந்தது. அவர் புத்தகத்தில் 20,50,000 என்று இருந்தது.

"புள்ளி வச்ச எண்ணை நான் எழுதுறதே இல்லம்மா. சம்பளப் புத்தகத்துல புள்ளி வந்தா அதுக்கு அந்தப் பக்கம் காசுதான் இருக்கணும். வெள்ளிக்கு நடுவுல புள்ளி வச்சா எவனாவது ஒருத்தன் பூஜ்யத்தைத் தின்னுடுவான்."

தின்னது நான்தான். அவர் என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் காட்டிய முறையைத்தான் இன்றுவரை செய்கிறேன். முதல் வேலை, திரையில் உள்ளதைப் புள்ளியில்லாமல் முழு எண்ணாக எழுதுவது. 2.05 juta என்றால் 2,050,000. ஜூத்தாவுக்கு ஆறு இடங்கள் வேண்டும். புள்ளிக்குப் பின்னால் ஏற்கெனவே இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன, ஆகவே நான்கு பூஜ்யம் சேர்க்கிறோம். அடுத்து, காற்புள்ளிகளை அழித்துவிட வேண்டும். 2050000 என்று நிற்கும். பிறகு வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம், அதற்குப் பின் இரண்டிரண்டாகக் காற்புள்ளி வைக்க வேண்டும். 20,50,000. இப்போது எண் தானே தமிழில் பேசுகிறது: 20 லட்சத்து 50 ஆயிரம்.

மனத்துக்குள்ளேயே புள்ளியை நகர்த்தும் குறுக்கு வழியும் உண்டு. மில்லியனை லட்சமாக்கப் புள்ளியை ஓரிடம் வலப்பக்கம் தள்ள வேண்டும். கோடியாக்க ஓரிடம் இடப்பக்கம். கேட்க எளிதாக இருக்கும். நேரலையில், எதிரே கடிகாரம் ஓடும்போது எந்தப் பக்கம் தள்ளுவது என்று கை தடுமாறும். மித்ராவுக்கு அரசாங்கம் ஒதுக்கும் 100 மில்லியன் வெள்ளியைச் சிலர் பேச்சுவாக்கில் நூறு லட்சம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நூறு லட்சம் ஒரு கோடிதான். 100 மில்லியன் பத்துக் கோடி. இந்தச் சமுதாயத்தின் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு வாயிலேயே காணாமல் போகிறது. அதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறேன். லட்சம் ஆறு இலக்கத்தில் தொடங்கும், கோடி எட்டு இலக்கத்தில். 100,000,000 என்று எழுதி எண்ணினால் ஒன்பது இலக்கம் வரும். ஒன்பது இலக்கம் என்றால் பத்துக் கோடி அல்லது அதற்கு மேல்.

பில்லியன் வந்தால் நூறால் பெருக்கிக் கோடியாக்கிவிடலாம். 2024 அக்டோபரில் தாக்கலான 2025 பட்ஜெட் 421 பில்லியன் ரிங்கிட். அது 42,100 கோடி, நாற்பத்திரண்டாயிரத்து நூறு கோடி. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்குப் போனபின் கோடியும் காதுக்குப் பாரமாகிவிடுகிறது. வெறும் கோடி என்றால் பெரியவர்களுக்குக் கையில் பிடிபடும். ஆயிரம் கோடி என்றால் அவர்களுக்கும் அது பில்லியனைப் போலத் தூரத்துச் சத்தம்தான். அதனால் பட்ஜெட் மொத்தத்தைச் சொல்லும்போது 421 பில்லியன் என்றும் 42,100 கோடி என்றும் இரண்டையும் ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மாற்றும்போது இல்லாத துல்லியத்தைச் சேர்த்துவிடுவது இன்னொரு தப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கெடாவின் எண்ணிக்கை 2,131,427. அதை அப்படியே எழுதிக் கொடுத்தால், 21 லட்சத்து 31 ஆயிரத்து 427 பேர் என்று கடைசி ஆள்வரை சொல்லலாம். ஆனால் திரையில் பெரும்பாலும் 2.13 juta என்றுதான் போடுவார்கள். அதை முழு எண்ணாக்கினால் 21,30,000 வரும். கடைசியில் வரும் அந்த நான்கு பூஜ்யங்கள் எண்ணிப் பார்த்து வந்தவை அல்ல, இடத்தை நிரப்ப நாம் போட்டவை. "21 லட்சத்து 30 ஆயிரம் பேர்" என்று அழுத்தமாகச் சொன்னால் 1,427 பேரை விட்டுவிட்டேன் என்று பொருள். "ஏறக்குறைய" என்ற ஒரு சொல் போதும், பொய்யாகாது. பள்ளிப் பணத்தில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. அங்கே 20 லட்சத்து 50 ஆயிரம் என்பது கடிதத்திலும் ஒரு காசு கூடாமல் குறையாமல் அதேதான். ஐயாவிடம் கடிதத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மலாய்த் திரைகளில் hampir என்றும் lebih என்றும் வரும். இரண்டுக்கும் "கிட்டத்தட்ட" என்று எழுதிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. Hampir 3 juta என்றால் 30 லட்சத்தை எட்டவில்லை. Lebih 3 juta என்றால் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. "30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு", "30 லட்சத்துக்கு மேல்" என்று தமிழில் பிரித்துச் சொல்ல ஒரு விநாடிதான் கூடுதலாகும்.

அட்டவணையாக இருந்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மேல் ஓரத்தைப் பார்க்கிறேன். RM '000 என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் கீழே உள்ள 685 என்பது 685 வெள்ளி இல்லை, 6 லட்சத்து 85 ஆயிரம். படம் எடுக்கும்போது அந்தத் தலைப்பு வரி வெட்டுப்பட்டுப் போனால் அந்த எண்ணை நான் வாசிப்பதே இல்லை. அனுப்பியவர்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்.

அரை, கால், முக்கால் ஆகியவற்றை நான் விடவில்லை. அவை தமிழின் ருசி. 1.25 juta பன்னிரண்டரை லட்சம், துளியும் பிசகில்லை. 1.125 juta பதினொன்றேகால் லட்சம். ஆனால் கணக்கு அரையிலோ காலிலோ தானாக வந்து நின்றால்தான் அப்படிச் சொல்வேன். 12.4 லட்சத்தைப் பன்னிரண்டரை என்று உருட்டினால் பத்தாயிரம் வெள்ளி கூடிவிடும். பத்தாயிரத்துக்கு ஒரு தோட்டப் பள்ளியில் எத்தனை மேசை நாற்காலி வாங்கலாம் என்று ஐயாவைக் கேட்டால் சொல்வார்.

இப்போது நேரலைக்கு முன் ஒரு வேலை கட்டாயம். எழுதியதை நான் வாய்விட்டுப் படிக்க, எங்கள் ஒலிப்பதிவாளர் தம்பி திரைப்படத்தைப் பார்க்காமல், காதில் விழுந்ததை எண்ணாக எழுதுவான். அவன் எழுதியதும் மூலப்படமும் ஒத்துப்போக வேண்டும். முதல் மாதத்திலேயே இரண்டு முறை ஒத்துப்போகவில்லை. ஒரு முறை தப்பு என்னுடையது. மறுமுறை எழுத்துச் சரி, நான் "இருபது" என்பதை அவசரத்தில் மென்றதால் அவனுக்கு வேறாகக் கேட்டிருக்கிறது. அதன்பின் பெரிய தொகைகளுக்கு முன்னால் மூச்சு விட்டுச் சொல்கிறேன். இளையவர்களுக்காக, "20 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி, அதாவது இரண்டு மில்லியனும் ஐம்பதாயிரமும்" என்று சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு விதமாகச் சொல்லும்போது ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்தம் சொன்ன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. நான் தவறாகச் சொன்ன அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். "போன வாரம் நான் 25 லட்சம் என்று சொன்னேன். அது என் தவறு. சரியான தொகை 20 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி. பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இருப்பதே சரி." அவ்வளவுதான். கீழ்க்குரலில் சொல்லாமல், செய்தி சொல்லும் குரலிலேயே சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஐயா கூப்பிட்டார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"கேட்டேம்மா. சரியாத்தான் சொன்னீங்க. ஆனா பலகையில இருந்த தாளை யாரோ கிழிச்சுட்டாங்க. நீங்க சொன்னதைப் பெரிய எழுத்துல அடிச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா?"

அன்று மாலையே அனுப்பினேன். எண்ணால் ஒரு முறை, எழுத்தால் ஒரு முறை. 20,50,000 வெள்ளி. இருபது லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி.