கோளம் வரைந்தவனுக்கு நான் போட்ட பூஜ்யம்

நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன். காஸ் விதியைப் பல ஆண்டுகள் அரைகுறையாகப் புரிந்துகொண்டே நடத்தினேன். அந்த அறியாமையை மறைக்க ஒரு மாணவனின் வாயை அடைத்தேன். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீண்ட, சீராக மின்னூட்டம் பெற்ற மெல்லிய கம்பியிலிருந்து R தொலைவில் மின்புலம் எவ்வளவு என்பது தேர்வுக் கேள்வி. எல்லோரும் கம்பியைச் சுற்றி உருளை வரைந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் கம்பியின் மேல் ஒரு புள்ளியை மையமாக வைத்து R ஆரமுள்ள கோளம் வரைந்திருந்தான். கோளத்துக்குள் அகப்படும் கம்பியின் நீளம் 2R. அதனால் உள்ளிருக்கும் மின்னூட்டம் 2Rλ, மின்பாயம் 2Rλ/ε₀. இதைக் கோளத்தின் பரப்பான 4πR² ஆல் வகுத்து, E = λ/2πε₀R என்று முடித்திருந்தான். புத்தகத்தில் இருக்கும் அதே விடை.

நான் முழுவதையும் அடித்துவிட்டு, "கோளத்துக்கு காஸ் விதி பொருந்தாது" என்று சிவப்பு மையில் எழுதினேன். விடைத்தாளோடு வந்து, "விடை சரியாத்தானே சார் வந்திருக்கு?" என்று கேட்டான். "உருளைதான் வரையணும், போய் உட்காரு" என்றேன். விடை எப்படிச் சரியாக வந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை.

நான் எழுதியது பொய். மூடிய பரப்பு எந்த வடிவில் இருந்தாலும் காஸ் விதி பொருந்தும். அவன் கணக்கிட்ட மின்பாயம் முற்றிலும் சரி. தவறு அடுத்த வரியில்தான் இருந்தது. பாயத்தைப் பரப்பால் வகுத்து E என்று எழுத வேண்டுமானால், அந்தப் பரப்பெங்கும் புலம் ஒரே அளவில், செங்குத்தாக இருக்க வேண்டும். கோளத்தில் அப்படி இல்லை.

வெகுநாள் கழித்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். λ மீட்டருக்கு 10⁻⁹ கூலும், R 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோளத்தின் நடுக்கோட்டில் புலம் 180 N/C, பரப்புக்குச் செங்குத்து. மையத்திலிருந்து கம்பியோடு 30 பாகை சாய்ந்த திசையில் கோளத்தின் மேல் ஒரு புள்ளியை எடுத்தால், அது கம்பியிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. அங்கே புலம் இரட்டிப்பாகி 360 ஆகிறது. ஆனால் பரப்புக்குச் சாய்வாகப் பாய்வதால் செங்குத்துக் கூறு அதில் பாதி, மறுபடி 180. எந்தப் புள்ளியை எடுத்தாலும், புலம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு சாய்வு அதைக் குறைத்துவிடுகிறது. அவன் வகுத்துப் பெற்றது இந்தச் செங்குத்துக் கூறு. நடுக்கோட்டில் மட்டுமே அது முழுப் புலமும் ஆகும். விடை பொருந்தியது இதனால்தான்.

கம்பிக்குப் பதிலாகத் தடித்த உருளை என்றால் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். 6 செ.மீ. ஆரமுள்ள உள்ளீடற்ற நீண்ட உருளையின் மேற்பரப்பில் அதே λ பரவியிருக்கட்டும். 10 செ.மீ. ஆரக் கோளத்துக்குள் அகப்படும் உருளையின் நீளம் இப்போது 20 அல்ல, 16 செ.மீ. மட்டுமே. அவன் வழியில் வகுத்தால் 144 வரும். உண்மை விடை அதே 180. இதை அன்றே போட்டுக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவனுக்கே விளங்கியிருக்கும்.

அன்று என்னால் முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. உருளையை ஏன் வரைகிறோம் என்று நான் ஒருபோதும் யோசித்ததே இல்லை. "இரு முனைத் தட்டுகளில் பாயம் சுழி" என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அதன் காரணம் சமச்சீரில் இருக்கிறது. முடிவில்லாத உருளையை அதன் நீளவாக்கில் நகர்த்தினாலும் அச்சைச் சுற்றித் திருப்பினாலும் அது மாறாது. ஆகவே புலத்தின் அளவு அச்சிலிருந்து உள்ள தொலைவை மட்டுமே பொறுத்தது. இனி ஒரு புள்ளியில் புலம் அச்சின் திசையில் கொஞ்சம் மேலே சாய்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அந்தச் சாய்வு கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். ஆனால் கவிழ்த்த உருளையும் பழைய உருளையும் ஒன்றுதான், புலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே சாய்வே இருக்க முடியாது. அச்சைச் சுற்றி வளைந்தோடும் கூறும் இதே கவிழ்ப்பில் திசை மாறிவிடும், அதுவும் இல்லை. எஞ்சுவது ஆர வழியே நேராக வெளிச்செல்லும் புலம் மட்டும். அதற்கு எங்கும் செங்குத்தாக, எங்கும் ஒரே தொலைவில் அமைவது பொது அச்சுடைய உருளையின் வளைபரப்பு. முனைத் தட்டுகளை அந்தப் புலம் உரசிக்கொண்டு போகும், ஊடுருவாது. E × 2πrℓ = λℓ/ε₀ என்ற வரியை இத்தனையும் சொன்ன பிறகுதான் எழுத முடியும். நான் எடுத்த எடுப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

20 செ.மீ. நீளமே உள்ள கம்பியின் நடுவிலிருந்து 10 செ.மீ. தொலைவிலும் இதே சூத்திரத்தைப் போட அனுமதித்திருக்கிறேன். அங்கே உண்மைப் புலம் சூத்திரம் தருவதில் சுமார் 71 விழுக்காடுதான். நீளவாக்கில் நகர்த்தினால் அந்தக் கம்பி மாறிவிடுகிறது, தட்டுகளையும் புலம் ஊடுருவுகிறது. அந்தக் கணக்கையும் நான் 'சரி' போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.