12 சென்டிமீட்டர் அம்மிச்சி

ஈரோட்டுத் தோழி ஒருத்தி தன் அம்மிச்சியின் எண்பதாம் பிறந்தநாள் அழைப்பிதழை அனுப்பியிருந்தாள். அட்டையில் அம்மிச்சி பொம்மையாக உட்கார்ந்திருந்தார். முகமும் கைகளும் களிமண், சேலை ஃபெல்ட் துணி, மூக்குத்தி ஒரு குண்டூசித் தலை. யாரோ கையால் செய்து போட்டோ பிடித்தது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். உண்மையில் அதில் களிமண்ணும் இல்லை, துணியும் இல்லை. ஒரு பழைய போட்டோவை வைத்துக் கம்ப்யூட்டரில் வடித்த உருவம் அது. செய்தவர் திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் இருக்கிறார் என்று தோழி சொன்னதும் பார்க்கப் புறப்பட்டுவிட்டேன்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவரும் அவருடைய சித்தி மகளும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். மூத்தவர் முன்பு பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி பஞ்சிங் செய்தவர். சட்டையில் வரும் பூவுக்கு ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று எந்திரத்துக்குக் கோடு போட்டுக் கொடுக்கும் வேலை. ஆர்டர் குறைந்தபோது பிளெண்டர் மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டார். பிளெண்டர் இலவசம். 2002-இல் அதன் நிரலை எல்லோருக்கும் பொதுவாக்குவதற்காகப் பயனர்களும் ஆர்வலர்களும் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்தார்கள். சந்தா கட்டாமல் இந்த முன்னறையில் தொழில் நடப்பது அதனால்தான்.

எனக்காக அம்மிச்சியின் கோப்பைத் திறந்தார். போட்டோவிலிருந்து முகம் வடித்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால் அந்தப் பகுதிக்குள் நான் போகவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மட்டும் சொன்னார். சுருக்கங்கள் பெரும்பாலும் போய்விடும். அவ்வளவு சிறிய களிமண் முகத்தில் எந்தக் கையாலும் அவற்றைக் கீற முடியாது. நெற்றியின் உயரம், கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஒரு பக்கம் சற்றே இறங்கிய உதடு, இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பேரன் பேத்திகளுக்கு ஆள் தெரிந்துவிடும்.

நான் கண்ணாடி, பொட்டு என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பறம்ங்க்கா. மொதல்ல பொம்ம எத்தன ஒசரம்னு முடிவு பண்ணோணும். இந்த அம்மிச்சி 12 சென்டிமீட்டர். அங்க தப்புனா அப்பறம் எத்தன அழகு பண்ணுனாலும் பொம்மயாவே வராது."

நான் அங்கே கற்றதெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான். பிளெண்டரைத் திறந்ததும் திரையில் தோன்றும் கனசதுரமே 2 மீட்டர். புதிதாகப் பழகுகிறவர்கள் அதே அளவில் தலையை வடித்துவிடுகிறார்கள். களிமண்ணுக்குள் ஒளி சிறிது தூரம் புகுந்து வெளியே வரும். அந்தத் தூரம் சில மில்லிமீட்டர்தான். 2 மீட்டர் தலையில் அது கண்ணுக்கே எட்டாது, முகம் கல்சிலையாக நிற்கும். உடனே அந்தத் தூரத்துக்கான எண்ணை ஏற்றுவார்கள். கொஞ்சம் கூடிப்போனாலும் மெழுகாகிவிடும், மூக்கு நுனியும் காது மடலும் உள்ளே விளக்கு வைத்தது போலச் சிவக்கும். அந்தச் சிவப்பைத்தான் அவர் முதலில் தேடிப் பார்க்கிறார்.

கைரேகையிலும் இதே கணக்குதான். இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டூடியோ எடுத்த வாலஸ் – குரோமிட் படங்களில், உருவங்களின் மேல் கலைஞர்களின் விரல் பதிந்த தடம் தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்ததும் மனித விரலோடு ஒப்பிட்டு உருவத்தின் அளவைக் கண் கணித்துக்கொள்கிறது. பெரியவர்களின் விரலில் ஒரு ரேகைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அம்மிச்சியின் தலை 5 சென்டிமீட்டர். அப்படியானால் கன்னத்தில் ஒரே ஒரு கட்டைவிரல் தடம் விழுந்தாலே பாதிக் கன்னம் மூடிவிடும். பலர் ரேகைகளைப் பொடியாக்கி முகம் முழுக்க நிரப்பிவிடுகிறார்கள். அப்போது பொம்மை ஆளுயரச் சிலையாகத் தெரிகிறது. இவர் தாடை ஓரத்தில் ஒன்றும் கைமுட்டியில் ஒன்றும் அழுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

சேலைக்கு வந்தபோது பழைய தொழில் பேசத் தொடங்கியது. ஃபெல்ட்டில் பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. பனியன் துணியைப் போலக் கண்ணிகளும் கிடையாது. இழைகள் தாறுமாறாகச் சிக்கி அமுங்கியதுதான் ஃபெல்ட். அதனால் நெசவுத் துணியின் படத்தை எடுத்து மேலே ஒட்டினால் கிட்டப் போனதும் கட்டம் கட்டமாகத் தெரிந்து சாக்காகிவிடும். அவர் ஒரே பச்சையில் மூன்று நான்கு சாயல்களைத் திட்டுத் திட்டாகக் கலந்தார். மேலே வளைந்த குட்டை இழைகளை முளைக்க வைத்தார், எதுவும் 2 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. சேலைக் கரையை அவர் வரையவே இல்லை. தனிப் பட்டையாக வெட்டி ஓரத்தில் வைத்து, தையல் நூலை ஒவ்வொன்றாக உருவம் செய்து ஓட்டினார். சில தையல்கள் வேண்டுமென்றே கோணலாக இருந்தன. துணி பொம்மை செய்கிறவர்களும் கரையைத் தனியாகத்தானே தைப்பார்கள்!

விளக்கு அதற்குப் பிறகுதான். 40 சென்டிமீட்டர் சதுர விளக்கு ஒன்றை அம்மிச்சிக்கு அரை மீட்டர் தள்ளி, இடப்பக்கம் சற்று மேலே வைத்தார். பொம்மையைவிட விளக்கு மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. அதனால் தாடையின் நிழல் கழுத்தில் விழும்போது அதன் ஓரம் கரைந்து போகிறது. அதே விளக்கின் Size அளவை 2 சென்டிமீட்டராகக் குறைத்துக் காட்டினார். நிழல் கத்தி போலக் கழுத்தை வெட்டியது, பொம்மை கடுவெயிலில் நின்றது. இரண்டாவது விளக்கைப் பின்பக்கம் சாய்வாக வைத்ததும் தோளோரம் முழுக்கப் பஞ்சிழைகள் மின்னின. முன்னாலிருந்து மட்டும் ஒளி அடித்தால் அத்தனை இழையும் வீண், ஒன்றுகூடத் தெரியாது.

கடைசியில் படத்தைக் கணக்கிட்டு எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. Samples எண்ணை 128 என்று வைத்தால் அவருடைய பழைய கிராபிக்ஸ் கார்டில் ஆறு நிமிடத்தில் படம் வந்துவிடும், ஆனால் புள்ளி புள்ளியாக இருக்கும். Denoise போட்டால் புள்ளிகள் போய்விடும், கூடவே பஞ்சும் போய்விடும். மெல்லிய இழையையும் அழுக்குப் புள்ளி என்றே அது எடுத்துக்கொள்கிறது. சேலை ரப்பராக வழுக்கும். 1,500 வைத்தால்தான் ஃபெல்ட் நிற்கிறது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி அதே நேரம், அதே மின்சாரம்.

இந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அம்மிச்சி வீட்டார் ஓர் அழைப்பிதழ் ஏஜென்டிடம் கொடுத்தது 4,500 ரூபாய். இவர் கைக்கு வந்தது 1,500. சேலை நிறம் மாற்று, வளையல் சேர், சிரிப்பைக் கூட்டு என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன, எதற்கும் தனிக் கூலி கிடையாது. "பொம்மதானம்மா, ஒரு நிமிசத்துல மாத்தீரலாம்ல" என்பாராம் ஏஜென்ட். போட்டோவை இந்தப் பக்கமும் படத்தை அந்தப் பக்கமும் தள்ளிவிடுவதற்கு 3,000 ரூபாய். பார்வை தேய இழை இழையாக முளைக்க வைத்தவருக்கு அதில் பாதி. அழைப்பிதழின் பின்பக்கம் ஏஜென்டின் பெயரும் எண்ணும் பெரிதாக அச்சாகியிருந்தன. செய்தவர் பெயர் எங்குமே இல்லை. பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்தவர்களைக் காலங்காலமாக உறிஞ்சிய அதே முறை இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இப்படி ஒரு படம் வேண்டுமென்றால் செய்கிறவரையே தேடிப் பேசுங்கள். நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு போட்டோக்கள் கொடுங்கள், சேலை நிறத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு திருத்தங்களுக்கு மேல் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அழைப்பிதழ் அச்சாகும்போது அட்டையின் ஓரத்தில் அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.