நட்டவர் யார்?
அழுத்தத் தொடர்கள் பற்றிய ஒரு சிந்தனை

பேராதனை வளாகத்தினூடே செல்லும் கலஹா வீதியில் மேலே ஏறிச் செல்வோர் தேயிலை மலைகளிடையே அமைந்த கலஹாவை அடைவர். அதற்கப்பால் உள்ளது லூல்கந்துரத் தோட்டம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்தியர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது பாடநூல்கள் யாவும் கூறும் செய்தி. ஒரு தொடரில் அழுத்தம் எங்கே விழுகிறது, விழுந்தபின் என்ன நேர்கிறது என்பதை ஆராய அச்செய்தியே போதுமானது.

'டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார்' என்பது இயல்பான தொடர். இதில் எவ்வுறுப்பும் தனித்து முன்வரவில்லை. 'டெயிலர் தேயிலை நட்டது லூல்கந்துரவில்' என மாற்றியதும் தொடர் இரண்டாகப் பிளவுபடுகின்றது. நட்டமை ஏற்கெனவே தெரிந்த செய்தியாக ஒதுங்குகிறது; இடம் மட்டுமே புதிய செய்தியாகிறது. இங்கு 'நட்டது' என்பது நட்ட பொருளைக் குறிக்கவில்லை, நட்ட செயலையே குறிக்கின்றது. வேற்றுமையுருபு இதனைக் காட்டிவிடும். 'டெயிலர் நட்டது தேயிலை' என்னுமிடத்து எப்பொருள் என்ற ஐயம் எழக்கூடும். 'டெயிலர் நட்டது தேயிலையை' என்னுமிடத்து எழாது. முன்னைய வினைக்குரிய ஐயுருபு பிளவுற்ற பின்னரும் எஞ்சி நிற்பதனால் அது பெயர்ப் பயனிலையன்று, வினையிலிருந்து பெயர்த்தெடுத்த உறுப்பு என்பது விளங்கும்.

செய்தவரை முன்னிறுத்தும்போது மட்டும் தமிழில் இரு வழிகள் உள. 'நட்டவர் டெயிலர்' என்பது எழுத்து வழக்கு. 'நட்டது டெயிலர்' என்பது பேச்சில் மிகுதி. இரண்டையும் எதிர்மறையாக்கிப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படும். முன்னையது 'நட்டவர் டெயிலர் அல்லர்' எனப் பால் காட்டி முடியும். பின்னையது 'நட்டது டெயிலர் அல்ல' என முடியும். நட்டவர் என்பது ஆளைக் குறிக்கும் பெயராகலின் இடத்தையோ காலத்தையோ முன்னிறுத்த அது பயன்படாது. நட்டது என்பதோ எதனையும் முன்னிறுத்தும்: நட்டது 1867இல், நட்டது மலைச்சரிவில், நட்டது கைகளால்.

எதிர்மறை இன்னொன்றையும் புலப்படுத்துகின்றது. 'டெயிலர் தேயிலை நடவில்லை' என்றால் எவரேனும் நட்டாரா என்பதே ஐயத்துக்குரியதாகிறது. 'நட்டவர் டெயிலர் அல்லர்' என்றாலோ நடப்பட்டது உறுதி. யார் என்பதே வழக்கு. மறுப்புக்குத் தப்பிப் பிழைக்கும் இப்பகுதியைத்தான் தொடர் கேட்போர் மீது பேச்சின்றிச் சுமத்துகின்றது. 'நட்டவர் டெயிலர்தான்' எனத் 'தான்' சேர்த்துவிட்டால் பிறருக்கு இடமில்லை என்ற பொருளும் உடன் ஏறிக்கொள்கின்றது. ஆயின் காப்பிக் காலத்திலிருந்தே மலைநாட்டுத் தோட்டங்கள் இயங்கியது தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் உழைப்பில். 'நட்டார்' என்ற வினைக்கு நடுவித்தார் என்ற பொருளும் உண்டாதலால் இயல்பான தொடரில் அவர்களுக்கும் மறைவாக ஓர் இடம் கிடைக்கிறது. பிளவுற்ற தொடரிலோ, அதுவும் 'தான்' சேர்ந்தால், அவ்விடம் மூடப்படுகின்றது. கலஹாவின் தோட்டப் பிள்ளை அதனைத் தேர்வுத்தாளில் எழுதும்போது தன் பாட்டன் வழியினரைத் தன் கையாலேயே வெளியே தள்ளுகின்றது. 'தேயிலையை வணிகப் பயிராக அறிமுகப்படுத்தியவர் டெயிலர். நட்டவர்கள் தொழிலாளர்' என்று எழுதுவதற்கு இலக்கணம் தடை சொல்லவில்லை.

அயல்மொழியான சிங்களத்திலும் இதே அமைப்பு உண்டு. 'மம கலஹட கியா' என்பது இயல்பான தொடர்; 'மம கியே கலஹட' என்றவுடன் வினையீறு மாறி இடம் அழுத்தம் பெறுகின்றது. ஜேம்ஸ் கெயார் என்ற அமெரிக்க மொழியியலாளர், சிங்களத்தின் இவ்வமைப்புத் தமிழ் போன்ற திராவிட மொழிகளின் தாக்கத்தால் உருவாகிப் பின்னர் அதற்கே உரியதாகிவிட்டது என வாதிட்டார். கண்டிச் சந்தையில் இருமொழியும் பேசுவோர் இதனை ஆய்வின்றியே அறிவர் போலும்.

ஆங்கிலத்திற்கு வரும்போதே இடர் தொடங்குகிறது. 'வட் ஐ நீட் இஸ் ரெஸ்ட்' என்பதை 'எனக்கு எது தேவையோ அது ஓய்வு' என மொழிபெயர்ப்போர் உளர். 'எனக்கு வேண்டியது ஓய்வு' என்பது கையருகே இருக்கும்போது அது வீண் சுமை. மறுதலையாக, 'நெவர்' என்னும் சொல்லைத் தொடரின் முதலில் வைத்து 'நெவர் ஐ ஹேவ் சீன்' என எழுதும் மாணவர் மிகப் பலர். அவர்கள் தமிழின் நியாயப்படியே நடக்கின்றனர். 'ஒருபோதும்' என்பதை எங்கே வைத்தாலும் தமிழில் பிறிதொன்றும் அசைவதில்லை. ஆங்கிலத்திலோ எதிர்மறைச் சொல் முன்வந்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி வந்தாக வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ சீன்'. துணைவினை இல்லாவிடத்து 'டிட்' ஒன்றை வரவழைத்தேனும் அவ்விதி நிறைவேறும். தமிழ் அந்த அழுத்தத்தை இடமாற்றத்தால் பெறுவதில்லை. ஓர் ஏகாரத்தால் பெறுகின்றது. 'இத்தகைய மழையைக் கலஹாவில் எவரும் கண்டதே இல்லை' என்பதில் ஏகாரத்தை நீக்கி வாசித்தால் மழை சற்றே ஓய்ந்துவிடும்.