திருப்பி அனுப்பிய மிளகாய்

புது வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் முதல் நாளில் பிராண்ட் ஆலோசகரின் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். தொழிலில் அதற்கு டிஸ்கவரி கொஸ்டினேர் என்று பெயர். லோகோ, நிறம், பாக்கெட், விளம்பர வாசகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் வேலை பழகிய நிறுவனத்தின் பட்டியலில் 38 கேள்விகள் இருந்தன. உங்கள் தொலைநோக்கு என்ன, உங்கள் விழுமியங்கள் எவை, உங்கள் இலக்கு வாடிக்கையாளர் யார், மூன்று பெயரடைகளில் உங்கள் பிராண்டை விவரிக்கவும். இதையெல்லாம் மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். நிரப்பி அனுப்புவது பெரும்பாலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மகளோ மருமகனோதான். கடையை நடத்துகிறவர் அந்தத் தாளைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அப்படி வரும் பதில்களில் பாதியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் யார் என்றால் 'எல்லாரும்'. பெயரடை மூன்று என்றால் 'தரம், நம்பிக்கை, பாரம்பரியம்'. சீட்டு எடுக்கும் நகைக்கடையும் கேட்டரிங் நடத்தும் அண்ணனும் இதையேதான் எழுதுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றி மூன்று நல்ல வார்த்தை சொல்லு என்று கேட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னொரு புகழ்பெற்ற கேள்வி உண்டு. உங்கள் பிராண்ட் ஒரு காராக இருந்தால் எந்தக் கார்? மலேசியாவில் இதற்கு இரண்டே பதில்தான் வருகிறது, ஒன்று மெர்சிடிஸ், இல்லையென்றால் மைவி. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் "மைவிதான் தம்பி, ரோட்டுல எங்க பார்த்தாலும் இருக்கணும்" என்றார். சிரித்தோம். குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பிராண்டை மனிதர்போல் பார்க்கும் யோசனை வெறும் விளையாட்டல்ல. ஜெனிஃபர் ஆக்கர் 1997இல் எழுதிய கட்டுரைதான் பிராண்ட் ஆளுமையை ஐந்து பரிமாணங்களாகப் பிரித்தது. ஆனால் அவர் கேட்டது அமெரிக்க நுகர்வோரிடம், அவர்கள் வெளியிலிருந்து அறிந்த பிராண்டுகளைப் பற்றி. நம் ஆலோசகர்கள் அதே கேள்வியைத் திருப்பி முதலாளியிடம் கேட்கிறார்கள். ஊர் என்னை எப்படிப் பார்க்கிறது என்று என்னிடமே கேட்பதுபோல.

இப்போது என்னிடம் இருப்பது பதினொரு கேள்விகள். எதையும் முன்கூட்டி அனுப்புவதில்லை. கடைக்கே போய், அவர்கள் வீட்டில் பேசும் மொழியில், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறேன். பெரும்பாலானவை நடந்ததைப் பற்றிய கேள்விகள். இதிலிருந்து நான்கைந்து மட்டும், கிள்ளானில் ஓர் அரவை மில்லில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

மில்லை நடத்துவது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கணவர் இறந்தபின் அவர்தான் மெஷினில் நிற்கிறார். மகன் முன்னால் கணக்கைப் பார்க்கிறார், மருமகள் ஆசிரியை. சனங்கள் வீட்டிலிருந்து காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள் கொண்டுவந்து அரைத்துப் போவார்கள். கூலி கிலோ கணக்கு. மகனுக்கு இதையே பாக்கெட்டில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க ஆசை. என்னை அழைத்தது அவர்தான். பாட்டி படம் போட்ட லோகோ வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

'இலக்கு வாடிக்கையாளர்' என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. "கடைசியா வந்த மூணு பேரு யாரு, என்ன வாங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன். மகன் தன் அம்மாவைப் பார்த்தார். இது கவனிக்க வேண்டிய இடம். ஒரு கேள்விக்கு முன் எல்லாருடைய கண்ணும் யாரிடம் போகிறதோ, தெரிந்தவர் அவர்தான், முடிவெடுப்பவரும் பெரும்பாலும் அவரேதான். அம்மா வரிசையாகச் சொன்னார். காப்பாரிலிருந்து வந்த ஒரு பாட்டி, மகள் பிரசவத்துக்கு மருந்துத்தூள். கல்யாணச் சமையல்காரர் ஒருவர், எட்டுக் கிலோ. ஓய்வுபெற்ற ஒரு சார், மனைவி முடியாமல் இருப்பதால் அவரே வந்திருக்கிறார். மூவரில் நாற்பதுக்குக் கீழே யாரும் இல்லை. அதை நான் சுட்டிக்காட்டவில்லை. சொல்லி முடித்தபோது அவர்களுக்கே கேட்டுவிட்டது.

அடுத்தது நான் கடன் வாங்கிய கேள்வி. 1950இல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இரண்டிலும் ஏழு பொருட்கள். ஒன்றில் நெஸ்கஃபே உடனடிக் காப்பி, மற்றதில் வடித்துக் குடிக்கும் காப்பித்தூள். வேறு வித்தியாசமே இல்லை. ஆளுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து, இதை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள் என்று குடும்பத் தலைவிகளிடம் கேட்டார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். உடனடிக் காப்பி ஏன் பிடிக்கவில்லை என்று நேராகக் கேட்டபோது சுவை சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். தன் மனதில் இருப்பதை மனிதர் இன்னொருவர்மேல் ஏற்றித்தான் சொல்கிறார்.

மில்லில் நான் கேட்டது இப்படி: "ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தங்க கடையில பாக்கெட் தூள் வாங்குறாங்க. இன்னொருத்தங்க மொளகா கழுவி காயவச்சு இங்க கொண்டாறாங்க. ரெண்டு பேரும் எப்படிப்பட்டவங்க?"

மகன் யோசிக்கவே இல்லை. "பாக்கெட் வாங்குறவ சோம்பேறிதான்ண்ணே." எழுபது வருடத்துக்கு முந்தைய அதே சொல். அம்மாவின் பதில் வேறாக இருந்தது. "அவ ஃபேக்டரில ஷிப்டுக்குப் போறவளா இருப்பா. எங்க காய வைப்பா? ஃபிளாட்ல வெயிலு எங்க இருக்கு? இங்க வர்றவங்கதான் வேலவெட்டி இல்லாதவங்க, என்ன மாதிரி."

பாக்கெட் வாங்கப் போகிறவளைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு அவளுக்கான பாக்கெட்டைச் செய்தால், பாட்டி படம் அவளை முறைத்துக்கொண்டுதான் இருக்கும். 'அம்மா கைப்பக்குவம்', 'அந்தக் காலத்துச் சுவை' என்ற வாசகங்களுக்குள் இருக்கும் லேசான கண்டிப்பு அங்கிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதன்பிறகு அன்று பாட்டி படம் பற்றி யாரும் பேசவில்லை.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி நாலே வார்த்தை. "யாரையாவது திருப்பி அனுப்பி இருக்கீங்களா?" விழுமியங்கள் என்ன என்று கேட்பதற்குப் பதில் இதைக் கேட்கிறேன். பணம் வேண்டாம் என்று ஒருவர் சொன்ன இடத்தில்தான் அவருடைய கறாரான விஷயம் இருக்கும். பலர் "இல்லையே, எல்லாருக்கும் செய்வோம்" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான், கொஞ்சம் கவலைக்குரிய பதில்.

அம்மா சிரித்தார். "வாரத்துக்கு ரெண்டு பேரு." மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பாராம். சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈர மிளகாய் மெஷினில் அப்பிக்கொள்ளும், தூள் கட்டி தட்டும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். 'இன்னும் ஒரு நாளு வெயில்ல போட்டுட்டு வா' என்று அனுப்பிவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். அரைத்த தூளைச் சூட்டோடு கட்டித் தரவும் மாட்டார். தட்டில் பரப்பி ஆறவைப்பார். அவசரக்காரர்களுக்கு அதிலும் சண்டை. மகன் இடையில் புகுந்து, "இதாலதான்ண்ணே கஸ்டமர் போறாங்க" என்றார்.

என் நோட்டில் அன்று நான் கோடு போட்டது அந்த வரியின் கீழ்தான். மகனுக்கு அது குறை. பாக்கெட்டில் வாங்கப் போகிறவளுக்கு, தான் செய்ய முடியாத ஒடித்துப்பார்த்தலை வேறொருத்தி செய்கிறாள் என்பதுதான் விற்பனைப் பொருளே.

ஆனால் சொன்னதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. கேள்விப் பட்டியலின் எல்லை அது. மனிதர்கள் எப்போதோ செய்ததை எப்போதும் செய்வதாகச் சொல்வார்கள். அதனால் அடுத்த சனிக்கிழமை காலையில் போய் மில்லின் ஓரத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். மெஷினில் மல்லி அரைத்த பிறகு மிளகாய், மிளகாய்க்குப் பிறகு மஞ்சள் போடுவதற்கு முன் கைப்பிடி அரிசியை விட்டுச் சுத்தம் செய்வது என்று அம்மா சொல்லாத வேறு சிலதும் கண்ணில் பட்டன. தினமும் செய்வதை யாரும் சொல்வதில்லை, அது அவர்களுக்குத் தகவலாகவே படாது.

கடைசியாக, பல ஆலோசகர்கள் வழக்கறிஞர் வேலை என்று தள்ளிவைக்கும் கேள்வி. "இந்தப் பேரு யாரோடது?" முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எஸ்எஸ்எம்மில் வியாபாரத்தைப் பதிந்துவிட்டால் பெயர் நம்முடையது என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். அது வியாபாரம் செய்வதற்கான பதிவு மட்டும்தான். பெயரைப் பொருளின்மேல் போட்டு விற்கும் உரிமைக்கு மைஐபிஓவில் வணிக முத்திரையாகத் தனியே பதிய வேண்டும், மசாலாத்தூள் என்றால் 30ஆம் வகுப்பில். பதிந்தால் பத்து ஆண்டுகள், பிறகு புதுப்பிக்கலாம். பதியாவிட்டாலும் அந்தப் பெயரை முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறவர் ஆட்சேபிக்க முடியும்.

கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. மில்லின் பெயர் தாத்தாவின் பெயர். ஈப்போவில் பெரியப்பா மகன் அதே பெயரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கணவரின் கருமாதியில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "பேர மாத்திடலாமே" என்றார் மகன். அம்மா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். அன்று அதற்குமேல் நான் கேட்கவில்லை. பட்டியலில் இரண்டு கேள்வி மிச்சம் இருந்தது.

நான்கு மாதம் எந்த வேலையும் நடக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று நான் கேட்டபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இடையில் அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. வந்ததும் "அவன் கையெழுத்துப் போட்டுத் தருவான், பெரியப்பா கடையிலயும் நம்ம தூளு விக்கணுமாம்" என்றார்.

விண்ணப்பம் போயிருக்கிறது. பாக்கெட் கால் கிலோவிலும் அரைக் கிலோவிலும் வருகிறது. சட்டப்படி மலாயில் இருக்க வேண்டியவை மலாயில், பெயர் தமிழிலும். படம் இல்லை. முன்பக்கத்தில் அரைத்த தேதிக்கு ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கிறோம். அதில் முத்திரை குத்துவது அம்மாதான், தட்டில் தூள் ஆறிய பிறகு.