நம்பர் வந்த பிறகு தொடங்குவம்

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு வருகிற பகுதிநேர வேலைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வரும். ஆரோ ஒரு அக்கா, இல்லாட்டி ஒரு விரிவுரையாளர், எங்கட நம்பரைக் கொழும்பில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்குக் குடுத்திருப்பார். வட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை இருக்கு, தமிழில் வேணும், கொஞ்சம் அவசரம். எங்களில் கனபேர் "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு அண்டிரவே மடிக்கணினியைத் திறந்துவிடுவோம். காசுக் கதை வேலை முடிஞ்ச பிறகுதான்.

அந்த "ஓம்" எண்டதுக்கும் வேலையைத் தொடங்குறதுக்கும் இடையில் கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. "பி.ஓ. நம்பர் தருவீங்களா?" இதைக் கேட்க எங்களுக்கு வாய் வராது. வேலை தாறவரை நம்பாத மாதிரி இருக்குமோ, காசுக்கு அவசரப்படுற மாதிரி இருக்குமோ எண்டொரு கூச்சம். ஆனால் இந்தக் கேள்வி காசைக் கேட்கிற கேள்வி இல்லை.

பி.ஓ. எண்டால் பேர்ச்சேஸ் ஓடர். உயர்தரத்தில் வர்த்தகம் படிச்ச ஆக்கள் கொள்வனவுக் கட்டளை எண்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள். நான் தமிழும் வரலாறும் படிச்ச ஆள். எனக்கு இதை விளங்கப்படுத்தியது எங்கட போர்டிங்கில் முன்னர் இருந்த ஒரு அக்கா. அவர் இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார்.

"உனக்கு வேலை தாற ஆள் வேற, காசு போடுற ஆள் வேற. காசு போடுற ஆள் உன்ர முகத்தையே கண்டிருக்கமாட்டார்," எண்டார் அக்கா. அவருடைய மேசையில் மூன்று விசயம் சேரவேண்டும். ஒன்று பி.ஓ. இந்த வேலையை, இந்த ஆளிடம், இந்த விலைக்கு வாங்கலாம் எண்டு நிறுவனம் அனுமதிச்ச கடதாசி அது. இரண்டாவது, வேலை வந்து சேர்ந்தது எண்டு அலுவலர் ஒருவர் உறுதிப்படுத்துறது. மூன்றாவது நாங்கள் அனுப்புகிற இன்வொய்ஸ். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பெயர், வேலை, தொகை மூன்றிலும் ஒத்துவந்தால் காசு வங்கிக்குப் போகும்.

இன்வொய்ஸில் பி.ஓ. நம்பர் இல்லாவிட்டால் அதை எதோடு ஒத்துப்பார்க்கிறது எண்டு அவருக்குத் தெரியாது. அக்கா சொன்னதில் எனக்குப் பயம் தந்தது இதுதான்: "திருப்பி அனுப்பினால்கூடப் பரவாயில்லை, உனக்குத் தெரியவரும். அது அப்பிடியே கிடக்கும். ஆரும் உன்னட்ட ஒண்டும் சொல்லமாட்டினம்."

அப்ப, வேலை முடிஞ்ச பிறகு நம்பரைக் கேட்டால் என்ன எண்டு கேட்டேன். வேலை நடந்த திகதிக்குப் பின்னால் பி.ஓ. போட்டால், அனுமதி இல்லாமல் ஏன் வேலை குடுத்தது எண்டு கணக்காய்வில் கேள்வி வரும். அதுக்கு அந்த அலுவலர் விளக்கம் எழுதவேண்டும். எழுதப் பஞ்சிப்பட்டால் எங்கட காசு இழுபடும். அதோடு, விலை பேசுகிற பலம் எங்களுக்கு இருக்கிறது வேலையைக் குடுக்கும் வரைக்கும்தான்.

இதைக் கேட்டு வைச்சிருந்தது அடுத்து வந்த வேலையில் உதவியது. ஒரு நிறுவனம் 14,000 சொற்கள் உள்ள அறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துத் தரக் கேட்டது. சொல்லுக்கு 4 ரூபாய் எண்டு கொட்டேசன் அனுப்பினேன். 56,000 ரூபாய். எனக்கு அது மாதக்கணக்கான போர்டிங் காசு. பேசிய அலுவலர் நல்ல மனுசி. "விலை ஓகே தங்கச்சி, பேப்பர் வேலையெல்லாம் பிறகு பாப்பம், நீங்கள் தொடங்குங்கோ," எண்டார்.

நான் எழுதின பதில் நாலு வரி. "மிக்க நன்றி மிஸ். வேலையை எடுத்துச் செய்ய விருப்பம். இன்வொய்ஸில் போடுவதற்கு பி.ஓ. நம்பர் தேவைப்படும். அது கிடைத்த நாளிலிருந்து பத்து வேலைநாட்களில் தமிழ்ப் பிரதியைத் தருகிறேன்." முடிவுத் திகதியை நம்பரோடு கட்டிவிட்டேன். அவசரம் அவருக்கெண்டால் நம்பரை எடுத்துத் தருகிற அவசரமும் அவருக்கு வரும். கேட்டதுக்கு நான் சொன்ன காரணமும் இன்வொய்ஸ்தான். நம்பிக்கைப் பிரச்சினையே அதில் இல்லை.

அடுத்த நாள் ஒரு நம்பர் வந்தது. ஆனால் அதன் முன்னால் PR எண்டு இருந்தது. அக்காவுக்கு அனுப்பிக் கேட்டேன். "இது ரிக்குவிசிசன் நம்பர். வாங்க அனுமதி தாங்கோ எண்டு அவ உள்ளுக்குக் குடுத்த விண்ணப்பம். இன்னும் ஒருத்தரும் கையெழுத்து வைக்கேல்லை." முன்னெழுத்துகள் இடத்துக்கிடம் மாறும் எண்டபடியால் அதை மட்டும் நம்பக்கூடாது எண்டும் சொன்னார். பி.ஓ. எண்டால் எங்களுக்கு அனுப்பப்படுகிற ஒரு ஆவணம். அதில் எங்கட பெயர், வேலையின் விபரம், தொகை, திகதி, அனுமதிச்சவரின் பெயர் எல்லாம் இருக்கும். வெறும் நம்பர் மட்டும் மெசேஜில் வந்தால், அந்த ஆவணத்தின் பிரதியைக் கேட்கவேண்டும்.

கேட்டேன். பிறகு நான்கு நாள் சத்தம் இல்லை. அந்த நான்கு நாளும் வேலை கைவிட்டுப் போயிட்டுது எண்டுதான் நினைச்சேன். வேறு ஆளைப் பிடிச்சிருப்பினமோ எண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஆவணம் வந்தது.

அதை மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னார் அக்கா. முதலில் பெயர். என்னுடைய வங்கிப் புத்தகத்தில் பெயர் முதலெழுத்துகளோடு இருக்கிறது. பி.ஓ.வில் வட்ஸ்அப்பில் நான் வைத்திருக்கிற பெயர் இருந்தது. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியை அனுப்பித் திருத்திக் கேட்டேன். இரண்டாவது தொகை. அது சரியாக இருந்தது. மூன்றாவது முடிவுத் திகதி. நன்கொடைக் காசில் நடக்கிற புரொஜெக்ட் எண்டால் அது முடிகிற நாள் ஒன்று இருக்கும். அந்த நாளுக்குப் பிறகு நடந்த வேலையை அந்தக் கணக்கில் எழுதுவது அவர்களுக்குக் கஷ்டம். ஆகவே வேலையும் இன்வொய்ஸும் அதுக்கு முன்னம் போய்ச் சேரவேண்டும்.

பாதி வழியில், பின்னிணைப்பு ஒன்றையும் சேர்த்துத் தாங்கோ எண்டு கேட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 3,000 சொல். இன்னும் 12,000 ரூபாய். மிஸ் உடனே ஓம் எண்டு சொல்லிவிட்டார். ஆனால் பி.ஓ.வில் இருக்கிறது 56,000. நான் 68,000க்கு இன்வொய்ஸ் அனுப்பினால் கணக்குப் பிரிவில் தொகை ஒத்துவராது. கூடுதலான 12,000 மட்டும் நிற்கும் எண்டில்லை, முழுத் தொகையும் நின்றுவிடலாம். அதனால் பின்னிணைப்பைத் தொடாமல், திருத்திய பி.ஓ. தரமுடியுமா எண்டு கேட்டேன். நம்பர் அதேதான், தொகை மட்டும் மாறி இரண்டு நாளில் வந்தது. இது முதல் நம்பரைக் கேட்டதைவிடச் சுலபமாக இருந்தது. வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

வேலையைக் கொடுத்துவிட்டு, "கிடைத்தது, ஏற்றுக்கொள்கிறோம்" எண்டு ஒரு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்கினேன். மூன்று கடதாசியில் இரண்டாவது அதுதானே. பிறகு இன்வொய்ஸ். மேலே என் பெயர், முகவரி, இன்வொய்ஸ் நம்பர், திகதி. அதற்குக் கீழே பி.ஓ. நம்பர். வேலையின் விபரத்தை என்ர சொல்லில் எழுதாமல் பி.ஓ.வில் இருந்த வரியை அப்படியே போட்டேன். சொல் எண்ணிக்கை, விலை, மொத்தம், வங்கி, கிளை, கணக்கு இலக்கம். மின்னஞ்சலின் தலைப்பிலும் பி.ஓ. நம்பரை எழுதி, மிஸ்ஸுக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினேன். இன்வொய்ஸ் கிடைத்து 30 நாளுக்குள் காசு எண்டு பி.ஓ.விலேயே இருந்தது.

இரண்டு கிழமையால் மிஸ்ஸின் நம்பருக்கு எடுத்தால், அவருடைய ஒப்பந்தம் முடிந்து வேலையை விட்டுப் போய்விட்டார். மனுசி வேண்டுமெண்டு செய்ததில்லை. கொழும்பில் இப்படியான அலுவலகங்களில் ஆக்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு நெஞ்சு திக்கெண்டது. அந்த நிறுவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்தவருக்கு என்னைத் தெரியாது, அறிக்கையைத் தெரியாது, மொழிபெயர்ப்பு நடந்ததே தெரியாது. "உங்கட பி.ஓ. நம்பர் என்ன?" எண்டு மட்டும் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம். "ஓம், 68,000. கணக்குப் பிரிவில இருக்கு. மாத முடிவில வரும்." 27ஆம் நாள் வந்தது.

வாக்குத் தந்தவர் போனாலும் அந்த வாக்கு நிறுவனத்தின் பெயரில் பதிவாகி இருந்தது. பி.ஓ. நம்பரைக் கேட்கிறது எண்டால், என்னோடு கதைக்கிற நீங்களா கேட்கிறீங்கள், உங்கட நிறுவனமா கேட்குது எண்டு விசாரிக்கிறதுதான். நல்ல மனிசரிடமும் அதைக் கேட்கலாம். அவருக்கும் அது பாதுகாப்பு.

எல்லா இடத்திலும் இது சரிவராது. ஊரில் இருக்கிற சின்ன அமைப்புக்கோ ஒரு அச்சகத்துக்கோ பி.ஓ. எண்ட நடைமுறையே இருக்காது. அங்கே அதைக் கேட்டு அடம்பிடிப்பதில் பிரயோசனம் இல்லை. "எங்களிட்ட பி.ஓ. முறை இல்லை" எண்டு சொன்னால், வேலை, தொகை, காசு தருகிற திகதி மூன்றையும் எழுதி, காசுக்குப் பொறுப்பானவரிடமிருந்து சம்மதம் எண்டு ஒரு மின்னஞ்சல் வாங்கினால் போதும். "முறை இருக்கு, ஆனால் பிறகு பாப்பம்" எண்டது வேறு கதை. அங்கே தொடங்காமல் நிற்கலாம். பி.ஓ. இருந்தாலும் காசு பிந்தலாம். ஆனால் பிந்தினால் எந்த மேசையில் நிற்குது எண்டு கேட்க உங்களிடம் ஒரு நம்பர் இருக்கும்.

இப்போது ஜூனியர் பிள்ளைகள் வேலை வந்திருக்கு எண்டு சொல்லும்போது, சொல்லுக்கு எவ்வளவு எண்டுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கிறது, அங்க பி.ஓ. போடுவினமா எண்டு.