மூன்றாவது திருத்தத்துக்குக் கட்டணம் ஏன்?

தாம்பரம் பக்கம் இனிப்புக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு இன்று அனுப்பிய கடிதம். என்னைப் போல் தனியாக டிசைன் செய்பவர்களுக்கு உதவும் என்று இங்கேயும் போடுகிறேன்.

அண்ணா, வணக்கம். அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் டிசைனுக்கு 6,000 ரூபாய், அதில் இரண்டு திருத்தம் அடக்கம் என்று கொட்டேஷனில் எழுதியிருந்தேன். நீங்களும் வாட்ஸ்அப்பில் சரி என்றீர்கள். முதலில் நிறம் மாற்றினோம், அடுத்து லோகோவைப் பெரிதாக்கினோம். இப்போது ஒரு கிலோ பாக்ஸாக மாற்றச் சொல்கிறீர்கள்.

கேட்க சின்ன மாற்றம்தான். ஆனால் பெட்டியின் அளவு மாறினால் வெட்டும் கோடு, மடிப்பு, ஒட்டும் பகுதி எல்லாமே மாறும். பக்கவாட்டில் வரும் பொருள் பட்டியல், எடை, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அத்தனையையும் மறுபடி அடுக்க வேண்டும். பழைய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சில் மங்கிவிடும். முழுதாக ஒரு நாள் வேலை, அண்ணா.

அதனால் இதற்கு 1,500 ரூபாய் ஆகும். என்னால் வந்த எழுத்துப்பிழை என்றால் எத்தனை முறையும் காசில்லாமல் திருத்துவேன். அது என் பொறுப்பு. இனி வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகு மாற்றங்களை ஒரே மெசேஜில் அனுப்புங்கள், ஒரே திருத்தமாகக் கணக்கிடுகிறேன். உங்கள் பதில் வந்ததும் வேலையைத் தொடங்குகிறேன்.