அம்மா அனுப்பிய படமும் காரில் இருந்த இரண்டு பொருட்களும்

2022 ஜூலை 19. ஹீத்ரோவில் வெப்பம் 40.2 பாகை வரை ஏறிய நாள். நான் வேலையில் இருந்தபோது அம்மா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கதவு உருகிக் கருகிப்போன ஒரு கார். கீழே குரல்செய்தி: "அப்பான்ர காருக்குள்ள சானிடைசர் போத்தல் கிடக்கு. வெயிலுக்கு வெடிக்குமாம். வந்த உடனே எடுத்து வை, தம்பி."

அந்தப் படம் எனக்குப் பழக்கமானது. 2020 மே மாதம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துத் தீயணைப்புப் பிரிவு ஒன்று இப்படியொரு படத்தைப் போட்டு, வெயிலில் நிற்கும் காரில் சானிடைசர் வைக்காதீர்கள் என்று எச்சரித்தது. அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அவர்களே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வெயில் மட்டும் சானிடைசரைப் பற்றவைக்காது.

ஏன் என்று பார்ப்போம். சானிடைசரில் பெரும்பகுதி எத்தனோல். நெருப்பே இல்லாமல் தானாகப் பற்ற அதற்கு ஏறக்குறைய 365 பாகை வேண்டும். வெயிலில் பூட்டிய கார் 60 பாகைக்கு வரலாம், டாஷ்போர்ட் இன்னும் சூடாகலாம். 365 எங்கே, 60 எங்கே! மூடி சரியில்லாவிட்டால் அல்ககோல் மெல்ல ஆவியாகிப் போகும், கிருமி கொல்லும் வலுவும் குறையும். அவ்வளவுதான்.

ஆனால் அம்மா கேட்காத ஒன்று அந்தக் காருக்குள் இருந்தது. முன் இருக்கைக்குக் கீழே ஒரு வாசனை ஸ்ப்ரே டப்பா. சமோசா வாங்கி வந்தால் அப்பா அடிப்பது.

அந்த டப்பாவைத் தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன் போன்ற வாயு. உள்ளே அது அழுத்தத்தில் திரவமாக இருக்கும். பியூட்டேன் மட்டும் என்று வைத்துக்கொண்டால் 20 பாகையில் உள்ளழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல இரண்டு மடங்கு. 50 பாகையில் ஏறக்குறைய ஐந்து மடங்கு, 70 பாகையில் எட்டு. டப்பாவில் '50 பாகைக்கு மேல் வைக்காதே' என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். இங்கே நெருப்பே தேவையில்லை, வெயில் போதும். அடிப்பாகம் வெளியே புடைத்திருந்தால் அதைத் தொட்டு ஆராயக்கூடாது.

வெடிக்காத டப்பாவும் ஆபத்துத்தான். 2019 டிசம்பரில் நம் நாட்டிலேயே, ஹலிஃபாக்ஸ் நகரத்தில், ஒருவர் காருக்குள் வாசனை ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்தார். ஜன்னலைத் திறக்கவில்லை. பிறகு சிகரெட் பற்றவைத்தார். காரின் கண்ணாடிகள் சிதறின, பக்கத்துக் கட்டிடங்களின் ஜன்னல்களும் உடைந்தன. அவர் சிறு காயங்களோடு தப்பினார்.

எவ்வளவு வாயு போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பொறியியல் படித்தவனின் கெட்ட பழக்கம்). காற்றில் பியூட்டேன் 1.8 வீதம் கலந்தாலே பற்றும். காரின் உள்ளே 3000 லீட்டர் காற்று என்றால் 54 லீட்டர் வாயு வேண்டும். 100 மில்லிலீட்டர் திரவ பியூட்டேன் ஆவியானால் 23 லீட்டர்தான். அதனால் ஓரிரு தடவை அடித்தால் கார் முழுக்க அந்த அளவு வராது. ஆனால் வாயு உடனே சமமாகக் கலக்காது. காற்றைவிடக் கனமானதால் கீழே தங்கும், அடித்த இடத்தில் செறிவாக நிற்கும். லைட்டர் அந்த இடத்தில் தட்டப்பட்டால் மொத்தக் கணக்கு உதவாது. ஜன்னலைத் திறந்து சில நிமிடம் விட்டால் உதவும்.

சானிடைசருக்குத் திரும்பி வருகிறேன். அதன் உண்மையான ஆபத்து காரில் இல்லை, சுவாலைக்குப் பக்கத்தில். 70 வீத அல்ககோல் ஏறக்குறைய 17 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அதாவது லண்டன் வீட்டுச் சமையலறையில் எப்போதும். 2020 மார்ச் இறுதியில் ஹரியானாவின் ரேவாரியில் ஒருவர் சமையலறையில் நின்று சானிடைசரால் சாவியும் போனும் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அவர் உடையில் சிந்தியது. பக்கத்தில் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடலில் 35 வீதம் எரிகாயம். அல்ககோல் சுவாலை வெளிர் நீலம், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சுடும்போதுதான் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மா சாமியறை வாசலில் இருந்த போத்தலை அமத்தி, இரண்டு கைகளையும் தேய்த்தபடியே தீப்பெட்டியை எடுத்தார். கை இன்னும் ஈரம்.

"அம்மா, பொறுங்கோ!"

"ஏன்டா? நான் காரைப் பற்றித்தானே சொன்னனான்."

கை முழுதாகக் காய அரை நிமிடமாவது வேண்டும் என்று சொன்னேன். நம்பவில்லை. சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டு வைத்து, இரண்டு சொட்டு விட்டு, நீளக் குச்சியால் பற்றவைத்துக் காட்டினேன் (நீங்கள் இதைச் செய்யவேண்டாம்). அம்மாவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. நான் விளக்கை அணைத்த பிறகுதான் நீலமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

இப்போது போத்தல் வெளிவாசலில் இருக்கிறது. விளக்கேற்றுவதற்கு முன் அம்மா சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார். அப்பா மட்டும் தன் ஸ்ப்ரே டப்பாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அது மாடிப்படிக்குக் கீழே, குளிர்ச்சியான அலமாரியில்.